இரண்டு புள்ளிகளின் சாட்சி

யாங்கோனில் பர்மியப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பவன் நான். வேலை முடிந்து காசை எண்ணும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: "நம்மள ஏங்க பர்மாக்காரங்க கலாங்குறாங்க?"

பெரும்பாலும் கேட்டவரே பதிலையும் வைத்திருப்பார். இந்தி தெரிந்தவர் என்றால், காலா, அதாவது கறுப்பன் என்பார். பர்மிய நண்பர் என்றால், 'கூ' என்றால் கடப்பது, 'லா' என்றால் வருவது, கடல் கடந்து வந்தவர் என்று மரியாதையாகத்தான் சொல்கிறோம் என்பார்.

முதல் பதில் நிற்காது. பர்மியர் ஐரோப்பியரையும் கலா என்றே அழைத்தார்கள்; வெள்ளையருக்கு 'கலா பியூ' என்று பெயர். பியூ என்றால் வெள்ளை. கறுப்பு வெள்ளையன் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

இரண்டாவதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. பேச்சில் முதல் அசை தேய்ந்து 'க' என்று மட்டும் கேட்கிறது. தேய்ந்த இடத்தில் எந்த உயிரையும் காது நிரப்பிக்கொள்ளும். 'கூ' வந்து உட்கார்ந்தது அப்படித்தான். அதனால் நான் காதை விட்டுவிட்டு எழுத்தைப் பார்ப்பேன். பர்மிய எழுத்தில் நீண்டு இறங்கும் தொனிக்கு, அசையின் பின்னே மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி வைப்பார்கள். 'கடந்து வா' என்று எழுதினால் கூ நெடில், புள்ளிகள் அதன் பின்னே. லாவுக்குப் புள்ளி கிடையாது. இந்தியரைக் குறிக்கும் சொல்லிலோ கு குறில், வெட்டி நிற்கும் தொனி. புள்ளிகள் லாவின் பின்னே. கூட்டுச் சொல்லில் ஒரு தொனி மாறுவது உண்டு. இரண்டு அசையும் இப்படித் தலைகீழாவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதை யாரும் காட்டவில்லை.

பாகன் காலக் கல்வெட்டுகளிலேயே 'குலா' இருக்கிறது. சாதி, குடி என்னும் பொருளுள்ள வடமொழிக் 'குல'த்திலிருந்து வந்தது என்றார், பர்மாவில் ஆங்கிலேய ஆட்சி அதிகாரியாக இருந்த ஆர்தர் ஃபேர். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதையும் வேறு கருத்துகளையும் பதிவு செய்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை.

இதே கலா ஒட்டகத்தின் பெயரிலும் இருக்கிறது: பர்மியில் 'கலா ஓட்'. பின்பாதி பாலியின் 'ஒட்ட'. நம் ஒட்டகத்துக்கு உறவு. ஆனால் எழுதுவதோ செங்கல்லுக்குரிய எழுத்துகளில். பிரித்துப் படித்தால் இந்தியச் செங்கல்! இதை வைத்து யாரும் கதை கட்டாதது வியப்புதான்.

'கடந்து வந்தவர்' என்ற விளக்கம் கண்ணியமாகத் தோன்றினாலும் எனக்கு உவப்பில்லை. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே குடியிருந்த இனங்கள் எவை என்று பார்க்கிறது. இப்படிப்பட்ட நாட்டில், ஒருவரின் பெயருக்குள்ளேயே 'வந்தவர்' என்று எழுதிவைப்பது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. யாராவது இனி அதைச் சொன்னால், ஒரு தாளில் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்.