நடுச்சுருள்

பிப்ரவரி 3
1.6 மில்லி செம்புக் கம்பி திரும்பி வந்துவிட்டது. பம்பு மோட்டார் கட்டும்போது வளைத்த இடத்தில் நிற்காமல் எகிறுகிறதாம். கூடவே என் கையெழுத்துப் போட்ட சீட்டு. மதியம் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 4
250 மில்லி அளந்து இழுத்தேன். மேல்சுருள் 332 வரை போய் அறுந்தது. 33 சதவீதம், நல்ல கம்பி. அதே கட்டின் நடுச்சுருள் 280-லேயே டப். ஒரே ஃபர்னஸ், ஒரே ராத்திரி. இத்தனை நாளும் மேல்சுருளில்தான் துண்டு வெட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5
தூக்கம் இல்லை. 8 மில்லி ராடு டை டையாக இழுபட்டு 1.6 ஆகும்போது குறுக்குவெட்டுப் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது, எல்லாம் சூடே காட்டாமல். உள்ளே படிகங்கள் நாராக நீண்டு, பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் கிடக்கும். அதனால்தான் 400 மெகாபாஸ்கல் தாங்குகிறது, அதனால்தான் இரண்டு சதவீதம்கூட நீளாமல் அறுகிறது. சுட்டால் அந்த நாருக்குள் புதுப் படிகம் முளைத்துப் பழையதைத் தின்னும். பலம் 230 பக்கம் இறங்கும், கம்பி இழுத்த இழுப்புக்கு வரும். நடுச்சுருளில் பாதிதான் முளைத்திருக்கிறது.

மணிக்கட்டு வலி.

பிப்ரவரி 6
ஃபர்னஸ் அண்ணனிடம் கேட்டேன். "மீட்டரு செவுத்துச் சூட்டத்தான் சொல்லும் கண்ணு. நடுவுல இன்னும் வேகல. நேரம் குடு." செவியில் ஏறவில்லை. முதலாளி நாளைக்கே சரக்கு கேட்கிறார். 400 டிகிரியை 550 ஆக்கினேன். நேரம் பழையதுதான்.

பிப்ரவரி 7
நடுச்சுருள் 31. துள்ளினேன், பத்து நிமிஷம். பிறகு மேல்சுருளை வளைத்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. சூடு மிஞ்சிப் படிகம் பெருத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கீறல். இதன்மேல் டேப் எப்படிப் படியும்? அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 9
மறுபடி 400. இரண்டு மணி நேரம் கூடுதல். மேல், நடு, அடி மூன்றிலும் துண்டு: 33, 32, 33. வளைத்தாலும் தோல் வழவழ. "கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்கிறார் முதலாளி. போங்க.

பிப்ரவரி 10
சட்டைப்பையில் இன்றைய துண்டு. பஸ்ஸில் வளைத்தேன், வெண்ணெய். நிமிர்த்தினேன். திரும்ப வளைத்தால் அதே இடம் மடங்க மறுக்கிறது, பக்கத்து இடம் மடங்குகிறது. என் விரலே அதை இறுக்கிவிட்டது. ஊர் வரும்வரை இதே விளையாட்டு. கடைசியில் ஒடிந்தது.

பழைய சீட்டுகள் டிராயரில். எல்லாம் மேல்சுருள்.

பிப்ரவரி 11
முதலாளியிடம் சொல்லவில்லை. நாளைக்கு.