2.10 வளையல், 2.8-ஐ விடப் பெரியது!

பட்டு நூல் வளையல் விற்கும் எங்கள் தெரு அக்காவுக்கு ஒரே மாதத்தில் மூன்று செட் திரும்பி வந்துவிட்டன. "நீதான் செய்தியெல்லாம் எழுதுறியே, இதைக் கொஞ்சம் பாரு" என்று போனை நீட்டினார். அவர் போட்டிருந்த பதிவு இதுதான்: "அழகான சில்க் த்ரெட் வளையல் செட். எல்லா சைஸும் உண்டு. 5 நாளில் டெலிவரி."

திரும்பியதில் இரண்டு, அளவுப் பிரச்னை. 2.4, 2.6, 2.8, 2.10 என்று வளையல் கடையில் சொல்வது தசமக் கணக்கு அல்ல. ஓர் அங்குலத்தை 16 பங்காக்கி, இரண்டு அங்குலத்தோடு அத்தனை பங்கைச் சேர்க்க வேண்டும். 2.8 என்றால் உள்விட்டம் இரண்டரை அங்குலம். 2.10 அதைவிடப் பெரியது. அதை 2.1 என்று நினைத்து, மெலிந்த கைக்காரர் ஒருவர் ஆர்டர் செய்திருக்கிறார். இன்னொருவர் வழக்கமாகப் போடும் 2.6-தான் வாங்கினார், நுழையவில்லை. நூல் உள்பக்கமும் சுற்றி வருகிறதே! ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். 60 மி.மீ இருக்க வேண்டியது 59 இருந்தது. இறுக்கமாகப் போடுபவருக்கு அது போதும்.

மூன்றாவது, வளைகாப்புக்குக் கேட்டது. அக்காவின் 5 நாள், செய்து முடிப்பதற்கு. வாங்கியவரோ வீட்டு வாசலுக்கு என்று நினைத்துவிட்டார். விசேஷம் முடிந்த மறுநாள் பார்சல் போயிருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான்.

"செயற்கைப் பட்டுனு போட்டா யாரும்மா வாங்குவா?" என்பதில்தான் அக்கா அதிகம் தயங்கினார். அவர் வாங்கும் நூல் கண்டின் லேபிளிலேயே ரேயான் என்று இருக்கிறது. அதை மறைத்தால் அடுத்த புகார் அங்கிருந்து வரும் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

புதிய பதிவு இப்படி ஆனது:

"பிளாஸ்டிக் வளையல் மேல் செயற்கைப் பட்டு நூல் சுற்றி, கற்கள் பசையால் ஒட்டியது. செட்டுக்கு 6 வளையல். நூல் சுற்றிய பிறகு உள்விட்டம்: 2.4 – 56 மி.மீ, 2.6 – 59, 2.8 – 62, 2.10 – 65. உங்களுக்குச் சரியாக இருக்கும் வளையலை ஸ்கேல் மேல் வைத்து, நடுவில் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளந்து அனுப்புங்கள். தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும், கல் உதிரும். கை கழுவும் முன் கழற்றிவிடுங்கள். வியர்வை பட்டால் காற்றாட வைத்துவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள். செய்ய 5 நாள், கூரியருக்கு 3 நாள், இடையில் ஞாயிறு வந்தால் இன்னொரு நாள். விசேஷ தேதியை முதலிலேயே சொல்லுங்கள். முடியாதென்றால் பணம் வாங்க மாட்டோம்."

கடைசி வரி அக்காவே சேர்த்தது. "அழகான" என்ற சொல்லை நான் எடுத்துவிட்டேன். போட்டோவிலேயே தெரிகிறதே! பதிவு போட்ட அன்று மாலை முதலில் வந்தது, ஸ்கேல் மேல் ஒரு வளையலை வைத்து எடுத்த போட்டோ. 62 மி.மீ.