நடு அறையில் வெட்டிய கான்

சென்ற விடுமுறையில் எங்கள் பாடசாலை நூலக அறைக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினோம். பகலுக்குள்ளேயே அறையின் நடுவே ஒரு கான் விழுந்திருந்தது. "பிளான்ல சுவர் இருக்கே சேர்" என்றார் மேசன் பாஸ். அவர் நீட்டிய ஏ3 பிரதியைப் பார்த்தோம். அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது சுவரில்லை, மேலே போகும் பீம். கானை மூடியதில் ஒரு நாள் கூலி போனது.

அன்றிரவு, வரைந்து தந்த பழைய மாணவரோடு கணினி முன் உட்கார்ந்தோம். திரையின் கறுப்புப் பின்னணியில் எல்லாம் தெளிவு. சுவர் வெள்ளை, பீம் ஊதாப் புள்ளிக்கோடு, அளவுகள் மஞ்சள். ஆனால் கடையில் இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர். மஞ்சள் வெளிறிச் சாம்பலாகி அளவுகள் மறைந்துவிட்டன. எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. ஏ1 தாளை ஏ3க்குச் சுருக்கியதில் பீமின் சின்னப் புள்ளிகளும் ஒட்டி முழுக்கோடாகிவிட்டன.

முதலில் ஓட்டோகேட்டில் பிரிண்ட் அமைப்பை acad.ctb இலிருந்து monochrome.ctb க்கு மாற்றினோம். இனி மஞ்சளும் ஊதாவும் முழுக் கறுப்பாகவே விழும். நிறம் சொன்ன வித்தியாசத்தை இனிக் கோட்டின் தடிப்புத்தான் சொல்ல வேண்டும். எனவே லேயருக்கு லேயர் தடிப்புக் கொடுத்தோம். சுவருக்கும் தூணுக்கும் 0.50 மி.மீ., கதவு, ஜன்னல், பீமுக்கு 0.25, அளவுக் கோட்டுக்கு 0.18, தள ஓட்டுக் கட்டங்களுக்கு 0.13. பீமின் புள்ளிக்கோடு தாளில் இடைவெளி விட்டுத் தெரியும்வரை LTSCALE ஐக் கூட்டினோம்.

அப்படியும் தள ஓட்டுக் கட்டங்கள் மெலியவில்லை. காரணம், வரையும்போது அந்தக் கோடுகளுக்கே நேரடியாகத் தடிப்புக் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தால் லேயர் சொல்வதை அவை கேட்காது. SETBYLAYER கட்டளையால் எல்லாவற்றையும் லேயருக்கே திருப்பினோம்.

அடுத்தது தாள். ஏ1 ஐ ஏ3 ஆகச் சுருக்கினால் நீளம் மட்டுமல்ல, தடிப்பும் எழுத்தும் பாதியாகும். 0.13 கோடு 0.065 ஆகி போட்டோகொப்பியில் காணாமல் போகும். எங்கள் அறை 20 அடிக்கு 25 அடி. அது 1:50 அளவில் ஏ3 தாளிலேயே தாராளமாக அடங்கும். எனவே அந்த அறையை மட்டும் ஏ3 இல் தனியாக அமைத்து, சுருக்காமல் பிரிண்ட் எடுத்தோம்.

பிறகு அந்தத் தாளை ஒருமுறை போட்டோகொப்பி எடுத்து, கைநீள தூரத்தில் பிடித்துப் பார்த்தோம். சுவர் முதலில் கண்ணில் பட்டது, பீம் புள்ளியாகவே நின்றது, அளவுகளை வாசிக்க முடிந்தது.

காலையில் பாஸிடம் கொடுத்தோம். பீமில் விரலை வைத்து, "இது மேல போறதுதானே சேர்?" என்று கேட்டார்.

வீடு கட்டுபவர்கள் பிளானைத் திரையில் பார்த்து "சரி" சொல்லிவிடாதீர்கள். பாஸின் கைக்குப் போகும் அதே தாளைப் பாருங்கள்.