பஸ்ஸுக்கு ஒரு 'ஸ்' வேண்டும்

'பஸ்' என்ற சொல்லில் உள்ள 'ஸ்' கிரந்த எழுத்து. அதை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதவேண்டும் என்றால் முதலில் 'பச்' என்று வரும். ஆனால் தமிழில் ச் என்ற மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. க், ட், த், ப், ற் ஆகியவையும் அப்படித்தான். ஆகவே கடைசியில் ஓர் உகரம் சேர்க்கவேண்டும். சேர்த்தால் கிடைப்பது 'பசு'. பொரளைச் சந்தியில் 154 பசு வந்து நின்றது என்று ஒரு கதையில் எழுதினால் வாசிப்பவர் என்ன நினைப்பார்?

இது வெறும் பகிடி இல்லை. இந்த வருடச் சஞ்சிகைக்குத் தரம் 9 தங்கை ஒருத்தி, உம்மம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கதை ஒன்றை எழுதித் தந்தாள். ஜ, ஷ, ஸ, ஹ வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிடப்பட்டு, "தூய தமிழில் எழுதவும்" என்ற குறிப்போடு அது திரும்பிப் போயிற்று. எண்ணிப் பார்த்தேன், 31 வட்டங்கள். அவற்றில் 11 ஆட்களின் பெயர்கள். மற்ற 20 வட்டங்களை எடுத்து, எதற்குக் கிரந்தம் இல்லாமல் முடியாது, எதற்கு அது வீண் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

தமிழில் ஓர் எழுத்தின் ஓசையை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. 'அப்பம்', 'அம்பு' இரண்டிலும் இருப்பது ஒரே ப. இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மையாகிவிடும். ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வரும்போது இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேப்பர், ரப்பர், பட்டர் எல்லாவற்றிலும் ஓர் எழுத்தை இரட்டிக்கிறோம். 'பேபர்' என்று எழுதினால் தமிழ் வாய் அதை மெலிதாகச் சொல்லிவிடும். தண்ணீர் இறைக்கும் 'பம்ப்' மட்டும் எப்படி எழுதினாலும் பாம்பின் ஓசைக்கே இழுபடுகிறது. கிரந்தத்திலும் அதற்கு மருந்து இல்லை. தமிழ் கடன் வாங்கிய கிரந்த எழுத்துகளில் ப, க, ட ஆகியவற்றின் மெலிந்த ஒலிகளுக்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே கேள்வி பெரும்பாலும் ச என்ற ஓர் எழுத்தைச் சுற்றியே வருகிறது. சோடா, சைக்கிள், சீமெந்து என்று எழுதி யாரும் தடுமாறியதில்லை. சொல்லின் முதலில் நிற்கும் ச எங்கள் வாயில் ஸ போலத்தான் ஒலிக்கிறது. பார்சல், பென்சில் என்ற சொற்களின் நடுவிலும் அதே ஓசைதான். அங்கெல்லாம் ஸ போடுவது வீண். டீச்சர் என்பதில் ச்ச இரட்டித்து வன்மையாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஞ்ச. இஞ்சி, மஞ்சள் என்று சொல்லிப் பாருங்கள், உள்ளே ஒரு ஜ ஒளிந்திருக்கிறது. ஆகவே 'எஞ்சின்' என்று எழுதினால் போதும், 'இன்ஜின்' தேவையில்லை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. பகல் சாப்பாட்டுக்கு 'லஞ்ச்' என்று எழுதினால் லஞ்சம்தான் ஞாபகம் வருகிறது.

இதற்கு மேல்தான் கிரந்தம் உண்மையாகத் தேவைப்படும் இடம். தமிழில் ச் என்ற மெய்க்குப் பின்னால் இன்னொரு ச மட்டுமே வரலாம். 'பாஸ்போர்ட்', 'டெஸ்ட்' போன்ற சொற்களில் உயிர் இல்லாத ஓசை வேறொரு மெய்யோடு ஒட்டி நிற்கிறது. அதைத் தாங்கத் தமிழ் எழுத்து இல்லை. அதாவது ஸ அநேகமாகப் புள்ளி வைத்த இடத்தில்தான் வேண்டும். ஜ வேண்டியது சொல்லின் முதலிலும் புள்ளியோடு நிற்கும் இடத்திலும். ஜீன்ஸை 'சீன்ஸ்' என்று எழுதினால் அது நாடகக் காட்சி ஆகிவிடும். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ஜன்னல் மட்டும் சன்னலாகிவிட்டது. வேறொரு சொல்லோடு மயங்காததால் அதை அப்படியே விடலாம்.

அந்தக் கதையில் வந்த ஆஸ்பத்திரி, பொரளையில் உள்ள சிறுவர் வைத்தியசாலை. 1896 முதல் 1903 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரிட்ஜ்வேயின் மனைவி பெயரில் அது இருக்கிறது. அந்தப் பெயரை எழுதுவதுதான் எங்களுக்கு நல்ல பரீட்சை. பழைய இலக்கணப்படி ரகரம் சொல்லின் முதலில் வராது. ஓர் இகரம் சேர்த்து 'இரிட்ஜ்வே' என்று எழுதவேண்டும். இன்று அதை யாரும் கேட்பதில்லை. 'றிட்ஜ்வே' என்று எழுதுவதும் இலங்கையில் வழக்கம். நடுவில் உள்ள ஜ் போனால் 'ரிச்வே' ஆகும். அது பணக்காரரின் வழி. உகரம் சேர்த்து 'ரிச்சுவே' என்றால் ஆளே மாறிவிடுகிறார். ஆகவே அந்த ஜ் இருக்கத்தான் வேண்டும்.

ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறாக எழுதுவது வேறு விடயம். நாங்கள் டொக்டர், லொறி, கோப்பி என்கிறோம். தமிழ்நாட்டில் டாக்டர், லாரி, காபி. நாங்கள் டீச்சர் என்று எழுதுவதை யாழ்ப்பாண வழக்கில் ரீச்சர் என்று எழுதுவார்கள். எங்கள் ட நாக்கை மடித்துச் சொல்வது, ஆங்கில ஓசையில் அந்த மடிப்பு இல்லை என்பதே அதற்குக் காரணம். காதுக்கு அதுதான் கிட்ட. ஆனால் தையற்கடையில் 'ரெயிலர்' என்று கண்டால் எனக்கு ரயில்தான் ஓடுகிறது.

சிவப்புப் பேனை எடுப்பவர்களுக்காக நான் எழுதிவைத்த அட்டவணை இது:

| ஓசை நிற்கும் இடம் | எழுதும் முறை | உதாரணம் |
|---|---|---|
| நடுவில் வன்மையான ஓசை | இரட்டிக்கவும் | பேப்பர், பட்டர் |
| உயிரோடு வரும் ஸ | ச போதும் | சோடா, பார்சல் |
| உயிர் இல்லாத ஸ் | கிரந்தம் தேவை | பஸ், டெஸ்ட் |
| ஞ் என்ற எழுத்தின் பின் ஜ | ஞ்ச போதும் | எஞ்சின் |
| முதலில் ஜ, புள்ளியோடு ஜ் | கிரந்தம் தேவை | ஜீன்ஸ், ரிட்ஜ்வே |
| முதலில் ஹ | மயக்கம் இல்லையேல் விடலாம் | ஓட்டல்; ஆனால் ஹீட்டர் |
| இரு உயிருக்கு நடுவில் ஹ | க போதும் | அல்ககோல் |
| ஆட்பெயர் | உரியவர் எழுதுகிறபடி | ஹலீமா, ஸஹ்ரா |

இதன்படி அந்த 20 வட்டங்களில் 8 சரி, 12 தேவையில்லை.

கடைசி வரியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டலில் ஹ போனால் சாப்பாடு மாறாது. ஹலீமாவில் ஹ போனால் 'அலீமா' ஆகும். அரபியில் அது வேறு சொல். முதலாவது பொறுமையுள்ளவள், இரண்டாவது அறிவுள்ளவள். இரண்டும் பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள். எங்கள் வீட்டில் ராத்தாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வாப்பா இரண்டு நாள் லீவு போட்டார். வித்தியாசம் ஓர் எழுத்துத்தான்.

ஃ பற்றியும் கேட்பார்கள். அஃது, எஃகு என்று குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவில் நிற்பதே அதன் இடம். 'ஃபோன்' என்று சொல்லின் முதலில் வைப்பது புதிய பழக்கம். போன், பைல் என்று எழுதினாலே எல்லோருக்கும் விளங்குகிறது. பாத்திமா என்று எத்தனையோ காலமாக எழுதுகிறோம், அதைப் பார்த்து யாரும் வேறோர் ஆளைத் தேடிப் போனதில்லை.