செலவுப் பட்டியலிலிருந்து ஒரு வரைவைப் படித்தல்



பேராக் மாநிலத்தில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், தனியார் அறவாரியம் ஒன்றிடம் மானியம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தனர். "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக் குடுங்க டீச்சர்" என்று சங்கத் தலைவர் அந்த வரைவை என்னிடம் கொடுத்தார். பள்ளியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மாணவர்களின் வாசிப்பை மேம்படுத்தும் திட்டம் அது. பதினொரு பக்கங்கள்; கேட்ட தொகை 24,000 ரிங்கிட்.

இத்தகைய வரைவுகளை நான் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கடைசியில் இருக்கும் செலவுப் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வேன். குறிக்கோள் என்ற தலைப்பின் கீழ் நாம் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பணம் எங்கே போகிறது என்பதுதான் திட்டத்தின் உண்மையான குறிக்கோளைச் சொல்லும். மற்றப் பக்கங்களை மூடிவைத்துவிட்டுப் பட்டியலை மட்டும் ஒருவரிடம் காட்டி, "இது என்ன திட்டம்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லும் விடையும் விண்ணப்பத்தின் தலைப்பும் பொருந்தவில்லையென்றால் வரைவில் கோளாறு இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இருந்தவை இவை: நூல்களுக்கு 6,000, குளிர்சாதனக் கருவிக்கும் அலமாரிகளுக்கும் 7,500, திறப்பு விழாவுக்குப் பந்தல், உணவு, பதாகை உட்பட 3,800, தன்முனைப்புப் பேச்சாளருக்கு 2,500, அறுபது டி-சட்டைகளுக்கு 1,500, இதரச் செலவு 2,700. கூட்டினால் 24,000 சரியாக வருகிறது. ஆனால் இதைப் படிப்பவர், ஓர் அறையைக் குளிரூட்டி விழா எடுக்கும் திட்டம் என்றுதான் சொல்வார். ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்பதற்கு ஒரு காசுகூட ஒதுக்கப்படவில்லை.

இதற்குப் பிறகுதான் முன்பக்கங்களுக்கு வந்தேன். முதல் நான்கு பக்கங்கள் தமிழின் தொன்மையையும் பெருமையையும் பேசின. அவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் அறிய விரும்புவது, இந்தப் பள்ளியில், இந்த ஆண்டில், என்ன குறை இருக்கிறது என்பதை. ஐந்தாம் பக்கத்தில் ஏழு குறிக்கோள்கள். "மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை மேம்படுத்துதல்" முதலாவது. ஏழாவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது: யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துதல். அத்தேர்வு 2020-இல் நடைபெறவில்லை. 2021-இல் அறவே நீக்கப்பட்டுவிட்டது. ஏதோ பழைய விண்ணப்பத்திலிருந்து அந்த வரி அப்படியே குடியேறியிருக்கிறது. இத்தகைய ஒரு வரி கண்ணில் பட்டால், மற்ற வரிகளும் இப்படித்தான் வந்திருக்குமோ என்று மதிப்பீட்டாளர் ஐயுறுவார்.

"மேம்படுத்துதல்" என்ற சொல்லில் தவறில்லை. யாரை, எத்தனை பேரை, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எப்போதைக்குள் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாததே குறை. அவ்விடை அப்பள்ளியின் ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என்றும், அவர்களுள் ஏறக்குறையப் பதினைந்து பேருக்கு ஒரு சிறு பத்தியைத் தொடர்ந்து வாசிக்க வரவில்லை என்றும் அவர் வாய்மொழியாகச் சொன்னார். வரைவில் இது எங்கும் இல்லை! ஏறக்குறைய என்பதைச் சரியான எண்ணாக மாற்றுமாறு கேட்டுக்கொண்டேன். அதற்கு இரண்டு காலைப்பொழுதுகள் போதும்.

அளக்கும் முறை எளிது. அந்த வயதுக்கு ஏற்ற, பிள்ளைகள் முன்பு பார்த்திராத ஒரு பத்தி. பிள்ளையைத் தனியாக அழைத்து உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ண வேண்டும். தானே திருத்திக்கொண்டால் சரியென்று கொள்ளலாம். ஒரு சொல்லில் மூன்று விநாடி தயங்கி நின்றால், அச்சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதைத் தவறென்று குறித்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும். முடிந்ததும் பத்தியிலிருந்து ஐந்து கேள்விகள். பொருள் புரியாமல் வேகமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை இக்கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும். சில பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தனித்தனியே மதிப்பிட்டு, இருவரின் எண்ணும் நெருங்கி வருகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

ஒன்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலப் பிள்ளைகளுக்காக வகுத்த அளவுகளை இங்கே பயன்படுத்தக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒட்டிக்கொண்டு சொல் நீளும். "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொற்கள். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் தொடக்க எண்ணையே அப்பிள்ளைக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஆசிரியை அளந்து முடித்தார். பதினான்கு பிள்ளைகள் நிமிடத்திற்குப் பதினைந்து சொற்களுக்கும் குறைவாகவே சரியாக வாசித்தனர். ஏழு குறிக்கோள்களும் போய் ஒன்று நின்றது: இருபத்தெட்டுப் பள்ளி வாரங்களின் முடிவில், இந்தப் பதினான்கு பேருள் குறைந்தது பத்துப் பேர், தொடக்கப் பத்திக்கு ஒத்த கடினமுடைய வேறொரு பத்தியை நிமிடத்திற்கு முப்பது சொற்களேனும் சரியாக வாசித்து, ஐந்து கேள்விகளுள் மூன்றுக்கு விடையளிப்பர்.

பழைய வரைவில் "80 விழுக்காட்டு மாணவர்கள் பயனடைவர்" என்று இருந்தது. பதினான்கில் 80 விழுக்காடு 11.2 பிள்ளைகள்! சிறிய எண்ணிக்கையில் ஒரு பிள்ளை முன்னே பின்னே போனாலே ஏழு விழுக்காடு மாறிவிடும்; ஆளை எண்ணி எழுதுவதே நேர்மை. பதினான்கு பேரும் என்று ஏன் எழுதவில்லை எனத் தலைவர் கேட்டார். இருவர் அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள். வேறு இருவருக்குப் பார்வையோ கேட்டலோ காரணமாக இருக்கலாம் என ஆசிரியை ஐயுற்றார், அவர்களை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இக்காரணங்களை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டோம். "அனைவரும்" என்று எழுதும் விண்ணப்பத்தைவிடக் காரணத்தோடு பத்து என்று எழுதும் விண்ணப்பத்தை நான் நம்புவேன்.

இனிச் செலவு. குறிக்கோள் தெளிவானதும் பட்டியல் தானே மாறியது. பள்ளி முடிந்த பின், வாரத்தில் மூன்று நாள், இரண்டு வாசிப்புத் துணையாளர்கள். ஒருவருக்கு ஏழு பிள்ளைகள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஏறத்தாழ எட்டு நிமிடம் ஒரு பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும். வகுப்பில் கிடைக்காத எட்டு நிமிடங்கள் அவை. ஓர் அமர்வுக்கு 40 ரிங்கிட் வீதம், இருவருக்கு, வாரம் மூன்று நாள், இருபத்தெட்டு வாரங்களுக்கு 6,720 ரிங்கிட். இப்படித் தொகை எவ்வாறு வந்தது என்ற பெருக்கலையும் எழுதினால்தான் அது நியாயப்படுத்தப்பட்ட செலவு. நூல்களும் அப்படியே: நாற்பது தலைப்புகள், தலைப்புக்கு மூன்று படிகள், படி 9 ரிங்கிட், ஆக 1,080. முன்பு கேட்ட 6,000 எதன் அடிப்படையில் வந்தது என்பதற்கு எவரிடமும் விடையில்லை. அலமாரி இரண்டு, 900. துணையாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி 600. பத்திகளும் பதிவுத்தாள்களும் அச்சிட 300. "இதரச் செலவு" முற்றாக நீங்கியது. பெயரில்லாத 2,700 ரிங்கிட்டை எந்த மதிப்பீட்டாளரும் முதலில் வெட்டுவார்.

குளிர்சாதனக் கருவிக்கு நான் வைத்த கேள்வி ஒன்றுதான்: மானியம் முடிந்த பின் மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு? விடை வரவில்லை, அதுவும் நீங்கியது.

திறப்பு விழாவுக்குத்தான் தலைவர் இணங்க மறுத்தார். "விழான்னு ஒன்னு வச்சாத்தான் டீச்சர் பெற்றோருங்க வருவாங்க. இல்லன்னா பிள்ளைய மத்தியானம் நிப்பாட்டி வைக்கச் சம்மதிக்க மாட்டாங்க" என்றார். விழாவைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும், அவர் சொன்னதன் பிற்பாதியைத் தள்ள முடியவில்லை. ஏன் சம்மதிக்க மாட்டார்கள் என்று விசாரித்தபோது உண்மைக் காரணம் வெளிப்பட்டது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒரு மணிக்குப் புறப்பட்டுவிடும். அதை விட்டால் தோட்டத்திற்குத் திரும்ப வழியில்லை. தந்தையர் வேலையில் இருப்பர். முன்பு ஒருமுறை தொடங்கிய மாலை வகுப்பும் மூன்றாவது வாரத்திலேயே ஆளின்றி நின்றுபோனதாம். பதினொரு பக்க வரைவில் வேன் என்ற சொல்லே இல்லை.

ஆக, விழாவுக்குக் கேட்ட பணத்தைவிட அதிகமாகவே வேனுக்கு எழுதினோம்: ஒரு நடை 60 ரிங்கிட், எண்பத்து நான்கு நாள்கள், 5,040. பசியோடு அமரும் பிள்ளை வாசிக்காது. சிற்றுண்டிக்குத் தலைக்கு 3 ரிங்கிட் வீதம் 3,528. வேன்காரரிடமும் சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடமும் எழுத்துமூலம் விலைப்புள்ளி வாங்கி இணைத்தோம். பெற்றோர் சந்திப்பைச் சங்கமே தேநீரோடு தன் செலவில் நடத்தும். அறையும் மின்சாரமும் பள்ளியின் பங்கு. இவ்விரண்டையும் பணமாகக் கேட்கவில்லையென்றாலும் விண்ணப்பத்தில் காட்டியுள்ளோம்.

மொத்தம் 18,168 ரிங்கிட். பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 1,298. இது பெரிய தொகைதான். மதிப்பீட்டாளர் கட்டாயம் வகுத்துப் பார்ப்பார். அவர் கணக்கிடும் முன் நாமே கணக்கிட்டு, ஏறத்தாழ பாதி போக்குவரத்துக்கும் உணவுக்கும் போவதையும் அதன் காரணத்தையும் எழுதுமாறு சொன்னேன்.

எஞ்சியது ஒரு கேள்வி. பிள்ளைகள் ஏழு மாதம் வளர்ந்தாலே வாசிப்பும் ஓரளவு வளரும். முன்னேற்றம் முழுவதும் திட்டத்தால் வந்தது என்று எப்படிச் சொல்வது? முழுமையாகச் சொல்ல இயலாது. ஆனால் மீதமுள்ள இருபத்து நான்கு பிள்ளைகளையும் அதே நாள்களில் அளந்தால், பதினான்கு பேர் அவர்களை நெருங்குகிறார்களா, அல்லது இடைவெளி அப்படியே இருக்கிறதா என்பது தெரியும். இதற்குக் கூடுதல் செலவில்லை. ஆசிரியைக்குக் கூடுதலாக ஒரு காலைப்பொழுது மட்டுமே.

பதினான்காம் வாரத்தில் இடைமதிப்பீடு ஒன்றையும் சேர்த்தோம். அதற்குள் ஐந்து சொற்கள்கூட முன்னேறாத பிள்ளைகளுக்குக் கதைநூல்களை நிறுத்திவிட்டு, கொம்பும் காலும் சேரும் எழுத்துகளுக்குத் திரும்பச் செல்வதாக ஆசிரியை தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். வரைவு இப்போது ஆறு பக்கம். திறப்பு விழா இல்லாத வரைவில் தலைவர் கையொப்பமிட்டுவிட்டார். டி-சட்டைகளை மட்டும் சங்கப் பணத்தில் அடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.