கேரண்டி யார் கொடுத்தது?

நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் எந்தப் பொருள் வாங்கப் போனாலும் நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கேரண்டி எத்தனை வருசம்?" கடைக்காரர் ஒரு வருசம், ரெண்டு வருசம் என்று ஏதோ சொல்வார். அதோடு திருப்திப்பட்டு வந்துவிடுவோம். அந்தக் கேரண்டியைக் கொடுப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. பொருள் பழுதாகி, கடைக்காரர் கம்பெனியைக் காட்டி, கம்பெனி கடையைக் காட்டும்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

கேரண்டி என்றால் புதிதாக மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவது என்று நம்மில் பலர் சொல்வோம். அந்த இரண்டு வார்த்தைகளை நம்பி அப்படி முடிவு கட்ட முடியாது. அட்டையில் மேலே எந்த வார்த்தை இருந்தாலும், மாற்றித் தருவார்களா, சரிசெய்து தருவார்களா என்பது கீழே உள்ள பொடி எழுத்தில்தான் இருக்கும். நாம் பார்க்க வேண்டிய வித்தியாசம் வேறு. வாக்குக் கொடுத்தது பொருளைச் செய்த கம்பெனியா, விற்ற கடையா? கம்பெனி கொடுப்பது அச்சடித்த அட்டையில் வரும். கடை கொடுப்பது பெரும்பாலும் பில்லில் பேனாவால் எழுதிய ஒரு வரியாக இருக்கும். பல நேரம் வெறும் வாய்வார்த்தைதான்.

இதை விளக்க போர்வெல் மோட்டாரை விடப் பொருத்தமான பொருள் நம் வறண்ட காட்டில் வேறில்லை. மோட்டார் வாங்கினேன் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் வாங்குவது நாலைந்து சாமான்கள். தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரும் பம்பும் ஒரு கம்பெனியுடையது. கேபிள் இன்னொரு கம்பெனி. மேலே சுவரில் மாட்டுகிற பேனல் போர்டு பல சமயம் உள்ளூரிலேயே பெட்டி வாங்கி, ஸ்டார்ட்டரும் ரிலேயும் பூட்டிக் கொடுப்பது. அதற்குக் கம்பெனிப் பெயரும் இருக்காது, அட்டையும் இருக்காது. அதற்கு யாராவது பொறுப்பு என்றால் அது கடைக்காரர் மட்டும்தான்.

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மச்சினன் விவசாயம் பார்க்கிறான். 40 சென்ட் மல்லிகையும் கொஞ்சம் மிளகாயும் ஒரே போர்வெல்லை நம்பி நிற்கின்றன. 350 அடியில் த்ரீ பேஸ் மோட்டார் இறக்கியிருந்தான். வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். கூட்டுறவு சங்கத்தில் 34 வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் பில்லைப் படிக்காமல் பணம் கொடுக்க மனசு வராது. பில்லில் மோட்டாருக்கு ஒரு வரி, பேனலுக்கு ஒரு வரி என்று தனித்தனியாகப் போடச் சொன்னேன். மோட்டார் வரியில் "கம்பெனி கேரண்டி 12 மாதம்" என்று எழுதினார். பேனல் வரியில் "சிங்கிள் பேஸ் பிரிவென்டருடன், கடை பொறுப்பு 1 வருடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் மாதம், சித்திரை வெயிலில் மோட்டார் நின்றுவிட்டது. மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், காயில் போயிருச்சு போல. காலையிலேயே வைண்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போயிரவா? செடி தாங்காது" என்றான். அவன் அவசரம் நியாயமானது. ஆனால் வெளியாள் மோட்டாரைப் பிரித்துவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். "மாப்ளே, மேலே ஏத்து, ஆனா போல்ட்டுல கை வைக்காதே. முதல்ல கம்பெனி பார்க்கட்டும்" என்றேன். ஐந்து நாள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு, மிளகாயை விட்டுவிட்டு மல்லிகைக்கு மட்டும் தண்ணீர் காட்டினான்.

மோட்டார் கடை வழியாக மதுரையில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனது. அங்கே பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்: ஒரு பேஸ் இல்லாமல் ஓடியதால் எரிந்தது, தயாரிப்புக் குறை இல்லை, கேரண்டியில் வராது. மச்சினனுக்குக் கோபம். நான் சுற்றைக் காட்டச் சொன்னேன். அவர்கள் சொன்னது சரிதான்.

எரிந்த மோட்டாரே காரணத்தைச் சொல்லும். உள்ளே மூன்று பேஸுக்கு மூன்று தொகுதியாகக் காயில் சுற்றியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடியோ, அதிகச் சுமையிலோ சூடாகி எரிந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி கருகும். தயாரிப்பிலேயே கம்பியின் உறையில் குறை இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் பொத்தலாக எரிந்திருக்கும், மற்ற இடம் நன்றாக இருக்கும். ஸ்டார் முறையில் இணைத்த மோட்டாரில் ஒரு பேஸ் அறுந்தால் மீதி இரண்டு தொகுதிகள்தான் மொத்தச் சுமையையும் இழுக்கும். அந்த இரண்டும் கருகி, மூன்றாவது புதுசு போல இருக்கும். எங்கள் மோட்டாரில் இரண்டு தொகுதியில் உறை உருகியிருந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது.

கம்பெனி அட்டை தாங்குவது மோட்டாருக்குள் இருக்கும் மூலப்பொருள் குறையையும் செய்நேர்த்திக் குறையையும் மட்டும்தான். லைனில் ஒரு பேஸ் போனதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. ஆக அந்தக் கதவு மூடிவிட்டது. பலர் இந்த இடத்தில் விதியே என்று திரும்பிவிடுவார்கள். ஆனால் நம் கையில் இன்னொரு வாக்கு இருந்தது. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்காகவே பேனலில் பிரிவென்டர் வைத்திருக்கிறார்கள். அது ஏன் நிறுத்தவில்லை?

எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்தோம். மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேனலுக்குள் வரும் பக்கத்து ஃபியூஸில் ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரைப் போட்டார். நல்ல பிரிவென்டர் என்றால் ஸ்டார்ட்டர் பிடிக்கக் கூடாது. எங்கள் பேனலில் பிடித்துக்கொண்டு நின்றது. அதை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். பிரிவென்டரை யாரும் ஒயர் போட்டுத் தாண்டவில்லை என்பதும் படத்தில் தெரிந்தது. இது முக்கியம். ரெண்டு பேஸில் ஓட்டுவதற்காக நம் ஆட்களே அதைத் தாண்டிவிடுவது உண்டு. அப்படிச் செய்திருந்தால் கடைக்காரரிடம் வாய் திறக்கவே முடியாது.

கடைக்காரர் முதலில், "அண்ணாச்சி, கம்பெனியே இல்லைன்னு எழுதிட்டான், நான் என்ன செய்ய?" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினேன். அதன் சாரம் இதுதான்:

"தங்கள் கடையில் இந்தத் தேதியில், இந்த எண் பில்லில் வாங்கிய பேனல் போர்டுக்குத் தாங்கள் 1 வருடம் கடை பொறுப்பு என்று எழுதித் தந்துள்ளீர்கள். அதிலுள்ள சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வேலை செய்யவில்லை. அதனால் மோட்டார் எரிந்ததாகக் கம்பெனி அறிக்கையிலிருந்து தெரிகிறது. இந்தக் கோரிக்கை கம்பெனி கேரண்டியின் கீழ் அல்ல, தாங்கள் தந்த பொறுப்பின் கீழ். பேனலை மாற்றித் தரவும், காயில் கட்டும் செலவை ஏற்கவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாளில் எழுத்தில் பதில் தரவும்."

"கம்பெனி கேரண்டியின் கீழ் அல்ல" என்ற அந்த வரிதான் கடிதத்தின் உயிர். அது இல்லாவிட்டால் கடிதத்தையும் கம்பெனிக்கே அனுப்பிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். பேனலை மறுநாளே மாற்றினார். காயில் கட்டும் கூலியில் பாதியை ஏற்றுக்கொண்டார். மோட்டாரை ஏற்றி இறக்கிய கூலி எங்களுடையதுதான். மிளகாயில் பாதி போய்விட்டது. மல்லிகை பிழைத்தது.

அவர் மறுத்திருந்தால்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறை என்பதற்கான விளக்கம் அகலமானது. சட்டப்படி இருக்க வேண்டிய தரம் மட்டுமல்ல, விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரம் இல்லாவிட்டாலும் அது குறைதான். பேனலில் பிரிவென்டர் உண்டு என்று எழுதி, அது வேலை செய்யாவிட்டால் இதில் வரும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைக்கும் விவசாயி வாங்கிய மோட்டாரை வியாபாரத்துக்கு வாங்கியது என்று தள்ளிவிட முடியாது. நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பொருளை வெளியூரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லிப் பார்க்கலாம். யார் மேல் தவறு என்று தெளிவாகத் தெரியாவிட்டால் கம்பெனி, கடை இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது. ஒருவர் மட்டும் இருந்தால் வராத ஆள் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

இதே சட்டம், பொருளால் ஆளுக்கோ மற்ற உடைமைக்கோ தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று தனியாகச் சொல்கிறது. அங்கேயும் கம்பெனி கொடுத்த வாக்குக்குக் கம்பெனி, அதற்கு அப்பால் கடை தனியாக வாக்குக் கொடுத்திருந்தால் அதற்குக் கடை என்று இரண்டாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விடச் சுலபமானது வாங்கும் நாளில் இரண்டு வரி எழுதி வாங்குவது. மோட்டாருக்கு இப்படி: "கம்பெனி கேரண்டி, பில் தேதி முதல் 12 மாதம். பழுதானால் கடையில் ஒப்படைத்தால் போதும், சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவது கடை." பேனலுக்கு இப்படி: "கடை பொறுப்பு 12 மாதம். பழுதானால் கடையே மாற்றித் தரும்." முதல் வரியில் வாக்கு கம்பெனியுடையது, அலைச்சல் மட்டும் கடையுடையது. இரண்டாவது வரியில் இரண்டுமே கடையுடையது. இந்த வித்தியாசம் எழுத்தில் இருந்தால் பின்னால் சண்டை பாதி குறையும்.

அட்டையில் கடை முத்திரையும், மோட்டார் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சில அட்டைகளில் "விற்ற நாளிலிருந்து 12 மாதம் அல்லது தயாரித்த நாளிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அது" என்று இருக்கும். கடையில் பத்து மாதம் தூங்கிய மோட்டாரை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது எட்டு மாதம்தான். அப்படி அட்டை இருந்தால் தயாரித்த மாதத்தைப் பார்த்து, புதிய சரக்காகக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த மீதி நாலு மாதத்துக்குக் கடை பொறுப்பு என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். விற்க வேண்டும் என்றிருக்கும் கடைக்காரர் எழுதித் தருவார்.