தாயின் களைப்பை அளத்தல்

பிள்ளையின் குறைபாட்டை அளக்க வைத்தியரிடம் கருவிகள் உண்டு. தாயின் களைப்பையோ "பெற்ற மனம் தாங்கும்" என்ற ஒரு சொல்லால் நாம் மூடிவிடுகிறோம்.

1983 இல் ராபின்சன் வகுத்த 13 கேள்விகள் அக்களைப்பை அளக்க உதவும். உறக்கம் கெடுகிறதா, உடல் நோகிறதா, வேலையை மாற்ற நேர்ந்ததா, பணமுடை உண்டா என்பன அவற்றுட் சில. ஏழு அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்றால் சுமை மிகுதி.

ஆரையம்பதியில் நாமறிந்த ஒரு தாய்க்கு, மூளை முடக்குவாதம் கொண்ட ஒன்பது வயது மகன். அவர் பத்துக்கு 'ஆம்' என்றார். இரவுறக்கமின்மையே அவற்றுட் கொடியது. எனவே ஓய்வையும் உறக்கத்துக்கென்றே திட்டமிட்டோம்.

தாய்வழிக் குடியிருப்பு நிலவும் ஊராதலால் தங்கை அடுத்த வளவிலேயே இருந்தார். ஆயினும், "அக்கா, சோறு புரைக்கேறினால் என்ன செய்வேன்?" என்று அஞ்சினார். அன்பில்லாமை அன்று, பயிற்சியின்மையே தடை. நிமிர்த்தி உட்காரவைத்தல், நாடியைச் சற்றுத் தாழ்த்தல், ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்த கரண்டி ஊட்டல், வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்தல், அது ஐந்து நிமிடத்தைக் கடந்தால் வைத்தியசாலைக்கு விரைதல் ஆகியவற்றைத் தாயின் அருகிருந்து ஒரு வாரம் பழகினார். பின்னர் வாரத்தில் மூன்று பிற்பகல்கள், இரண்டிரண்டு மணிநேரம் பொறுப்பேற்றார்.

முதலில் அந்நேரமும் துணி துவைப்பதில் கழிந்தது. உறங்குவதற்கென்றே அதை ஒதுக்கிய பின்னரே பலன் கிட்டியது. ஆறு வாரங்களில் பத்து ஆறாயிற்று. பணமுடையும் துயரும் மட்டும் அசையவில்லை.

சாகும் எண்ணம் பற்றி அக்கேள்விகளில் ஒன்றுமில்லை. அதைத் தனிமையில் நேராகக் கேட்டல் வேண்டும். 'ஆம்' எனில் தாமதமின்றி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

தங்கையில்லாத தாய்க்கு யார் துணை? ஊதியம் பெறும் பயிற்சியுற்ற துணையாளரை அரசும் ஊரும் அளித்தேயாக வேண்டும்.